தோற்கக் கற்றுக்கொடுத்த தாத்தா



பசுமலையில் உள்ள எங்கள் வீட்டில் என் தகப்பனாரோடு கேரம் ஆடி வென்ற பேரப்பிள்ளை ஒருவரும் இல்லை. "சின்னப் பிள்ளைதானே, ஒரு ஆட்டம் விட்டுக்கொடுங்களேன்" என்று என் தாயார் மன்றாடுவார்கள். அவரோ போரிக் பவுடரைப் பலகையின் மேல் தூவியபடியே, "மரிய இருதயத்துக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள்?" என்பார். சென்னையைச் சேர்ந்த அந்த உலகச் சாம்பியன் 1996 ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்றவர். என் தகப்பனாருக்கு அவர்மேல் தனி மதிப்பு உண்டு.

ஒரு கோடை விடுமுறையில் என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கறுப்புக் காய்கள் ஒன்பதில் ஏழை அவன் போட்டுவிட்டான். தாத்தாவுக்கோ நான்கு வெள்ளைக் காய்கள் மீதமிருந்தன. சிவப்புக் காயாகிய ரெட் நடுவிலேயே கிடந்தது. அவன் அதையும் அழகாகக் குழிக்குள் அனுப்பினான். ஆனால் ரெட்டைப் போட்டவர் அடுத்த அடியிலேயே தம் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். பிள்ளைகள் அதை 'ஃபாலோ' என்பார்கள். அவனிடம் மீந்திருந்த இரண்டு காய்களும் பக்கச் சட்டத்தை ஒட்டிக் கிடந்தன. அடி தவறியது, ரெட் மீண்டும் நடுவுக்கு வந்தது.

தாத்தா ரெட்டைப் போட்டார். குழியின் விளிம்பில் தொடக்கம் முதலே தொடாமல் வைத்திருந்த வெள்ளைக் காயை ஃபாலோவாகத் தட்டினார். மற்ற மூன்றையும் அதே கையில் முடித்தார். எதிராளியின் இரண்டு காய்களுக்கு இரண்டு, ரெட்டுக்கு மூன்று, ஆக ஐந்து புள்ளிகள்.

அதன்பின் அவர் காய்களை முன்பிருந்தபடியே அடுக்கிக் காட்டினார். "குழி வாயில் இருந்த காய்களை எல்லாம் முதலிலேயே போட்டுவிட்டாய். அவை எங்கும் ஓடிப்போகா. ரெட்டுக்கு ஃபாலோவாக ஒன்றை விட்டுவைத்திருக்க வேண்டும்" என்றார். வேண்டுமென்றே தோற்றிருந்தால் இதைச் சொல்ல அவருக்கு இடமே இருந்திராது.

ஆறு வயதுப் பேத்தியிடம் அவர் வேறு விதமாக ஆடினார். அவளுடைய காய்களில் நான்கை முதலிலேயே பலகையிலிருந்து எடுத்துவிடுவார். ஐந்தைப் போட்டாலே அவளுக்குப் போதும். அந்தச் சலுகை அவள் கண்ணுக்கு முன்பாகவே கொடுக்கப்பட்டது. கொடுத்தபின் அவர் முழு மூச்சோடு ஆடினார்.

ஆண்டுகள் கடந்தன. கண்புரையால் அவர் பார்வை மங்கியது, விரல்களும் நடுங்கின. கல்லூரியிலிருந்து வந்திருந்த என் மகன், குழி வாயில் நின்ற தன் காயை இருமுறை தவறவிட்டான். தாத்தா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் உனக்குச் செய்யாததை நீ எனக்குச் செய்யாதேடா."

மகன் தலைகுனிந்தான். பிறகு தன் பங்குக்கு அவருடைய வெள்ளைக் காய்களில் மூன்றை, அவர் பார்க்கும்படியாகவே, பலகையிலிருந்து எடுத்து வைத்தான். அவர் சற்று யோசித்து, "சரி, இது நியாயம்" என்றார். ஆட்டம் தொடர்ந்தது.

அன்று என் மகள் எடுத்த புகைப்படம் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே அவள் எழுதியிருப்பது ஒரே வரி: "தாத்தா இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணனும்தான்."