‘கேமராவை எப்போ கீழே வைப்பே?’ - அம்பலகாரருக்கு வந்த ஒரு கடிதம்

“பெறுநர்: உயர்திரு ஊர்த் தலைவர் அவர்கள். பொருள்: ஆவணப்படம் எடுக்க அனுமதி கோருதல் தொடர்பாக.”

சென்னையில் சினிமா படித்துவிட்டு, முதல் ஆவணப்படத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த 24 வயதுப் பெண் எழுதிய கடிதம் இப்படித்தான் தொடங்கியது. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அங்கே அய்யனார் கோயிலில் நடக்கவிருந்த புரவி எடுப்பு விழாவைப் படமாக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஊர் பார்க்கப் போனபோது கடிதத்தை டீக்கடைக்காரரிடம் காட்டினாள். படித்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. “அம்பலம் இதைப் படிச்சா எந்த ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்குன்னுதான் கேப்பாரு” என்றார்.

அப்புறம்தான் இன்னொரு விஷயத்தையும் சொன்னார். முந்தைய திருவிழாவில் யாரோ ஒருவர், சாமி வந்து ஆடிய ஒரு பெண்ணை செல்போனில் எடுத்து, சினிமா காமெடி மியூசிக் போட்டுப் பரப்பிவிட்டார். பல ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கோயில் பக்கமே வருவதில்லை. அவர் அம்பலகாரரின் மருமகள்.

அன்றிரவே அவள் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். புதிதாக எழுத மூன்று நாள் ஆனது.

புரவி எடுப்பு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அய்யனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் மண் குதிரை செய்து கொடுக்கும் விழா அது. எல்லா ஊரிலும் வருஷா வருஷம் நடப்பதில்லை. மழை பெய்து, கையில் காசு இருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் ஒற்றுமையாக இருந்தால்தான் புரவி. முதலில் ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிப்பார்கள். பிறகு ஊர்ப் பெரியவர் கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்த மண்ணையும் சேர்த்துப் பிசைந்துதான் வேளார் குதிரை செய்ய ஆரம்பிப்பார். கால்களைக் குழாய் மாதிரி முதலில் செய்து நிழலில் காயவிட்டு, அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். சூளையில் சுட்டு வண்ணம் பூசி, விழாவன்று கழிகளில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள்.

ஆக, அவளுடைய படம் தொடங்க வேண்டிய இடம் திருவிழா நாள் அல்ல, பிடிமண். முதல் ஷாட்டே அதுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

இரண்டாவது கடிதம் ‘ஐயா அவர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கியது. அடுத்த வரியிலேயே தான் யார் என்று சொன்னாள். “உங்கள் ஊரில் எனக்குச் சொந்தமோ பந்தமோ கிடையாது. அப்பா பஸ் டிரைவர். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். எந்த டி.வி-க்காகவும் நான் வரவில்லை.” கிராமத்தில் முதல் கேள்வி ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத கடிதத்தை யாரும் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

அதற்கடுத்து என்ன எடுக்கப்போகிறாள் என்று எழுதினாளா? இல்லை. எதையெல்லாம் எடுக்க மாட்டேன் என்று எழுதினாள். கடிதத்தின் பாதி அதுதான்.

“பரிவட்டம் கட்டும்போதும், யாருக்கு முதலில் திருநீறு கொடுக்கிறார்கள் என்ற நேரத்திலும் கேமரா அணைந்திருக்கும்.” இந்த வரி ஏன் முக்கியம் என்பது நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊர்கள் இரண்டுபட்டிருக்கின்றன. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நாளை ஒரு தகராறு வந்தால் அவளுடைய வீடியோ சாட்சியாகிவிடும். அது கூடப் பரவாயில்லை. எடிட்டிங்கில் அழகுக்காக ஒரு ஷாட்டை முன்னால் நகர்த்தினால், இரண்டாவதாக மரியாதை வாங்கியவர் படத்தில் முதலாவதாக வாங்கியிருப்பார்! பிறகு ஊர் அடுத்த புரவிக்கு ஒன்றுசேருமா என்பது சந்தேகம்தான்.

“கருப்பருக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் திரை போடுவீர்கள். திரை விழுந்ததும் என் கேமராவும் கீழே இறங்கிவிடும்” என்பது அடுத்தது. அய்யனார் சைவம், பலி வாங்குவது கருப்பர். அதனால்தான் அந்தத் திரை. டிரோன் வேண்டாம் என்றும் எழுதினாள். குதிரைகள் வரிசையாகப் போவதை மேலிருந்து எடுத்தால் பிரமாதமாக இருக்கும், உண்மைதான். ஆனால், கொட்டுச் சத்தத்தில் சாமி இறங்கும் நேரத்தில் தலைக்கு மேல் அந்த இரைச்சலை யார் கேட்பார்கள்?

கடைசிப் பத்தியை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. மருமகள் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது, தெரியாதது போல் நடிக்கவும் கூடாது. “சாமி வந்தவர்களிடம் அந்த நேரத்தில் சம்மதம் கேட்க முடியாது. அவர்களுக்காக நீங்கள் சம்மதிப்பதும் சரியாக இருக்காது, ஐயா. அதனால் மறுநாள் காலையில் நானே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், எடுத்ததைக் காட்டுவேன். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, பிரதி எடுத்து வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கிலும் அழிப்பேன். படம் முடிந்ததும் முதலில் உங்கள் ஊர்ப் பொட்டலில் திரை கட்டிக் காட்டுவேன். அதற்கு முன்னால் யூடியூபில் ஒரு துண்டுகூட வராது.”

அனுமதி கேட்கும் கடிதத்தில் ‘உங்கள் சம்மதம் மட்டும் போதாது’ என்று பெரியவரிடமே சொல்வது ரிஸ்க்தான்.

ஒன்பது நாள் கழித்து போன் வந்தது.

“அம்பலம் பேசுறேன் தாயி. பேரன் படிச்சுக் காட்டினான். ஊர்க்கூட்டத்துலயும் படிக்கச் சொல்லிட்டேன்” என்றார். கூட்டத்தில் மூன்று விஷயம் பேசியிருக்கிறார்கள். படத்தின் பிரதி தனக்கு மட்டுமல்ல, வேளார் வீட்டுக்கும் ஒன்று வேண்டும். விளக்குக் கம்பம் எதையும் குதிரை போகிற பாதையில் நடக் கூடாது. தூக்குகிறவர்கள் கால் தடுக்கினால் குதிரை போச்சு. இரண்டுக்கும் அவள் உடனே சரி என்றாள்.

மூன்றாவது, “பிடிமண் அன்னிக்குக் கேமரா வேண்டாம். அது நாங்க வேளாருக்குக் குடுக்குற வாக்கு. நீ வா. வந்து பாரு.”

அவளுக்குப் பேச்சு வரவில்லை. படத்தின் முதல் காட்சியே போய்விட்டது. ‘தூரத்தில் இருந்து எடுக்கலாமா?’ என்று கேட்க வாய் வரை வந்ததாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவரை எழுதிய இரண்டு பக்கத்துக்கும் அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

“சரிங்கய்யா, வர்றேன்” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “வீட்ல... அவங்ககிட்ட...” என்று இழுத்தாள்.

“அந்தப் புள்ளைகிட்ட நான் ஒண்ணும் கேக்கலை. நீதானே எழுதியிருக்க, என் சம்மதம் போதாதுன்னு? வந்து நீயே கேளு.”

பிடிமண் நாளன்று வெறுங்கையோடு போனாள். கண்மாயில் ஈரம் இருந்தது. பெரியவர் குனிந்து மண் எடுத்தார், வேளார் துண்டை விரித்து வாங்கினார். மொத்தமே ஐந்து நிமிஷம்தான். அன்று மத்தியானம் அம்பலகாரர் வீட்டுத் திண்ணையில் அவளுக்கு மோர் கொடுத்தவர் அந்த மருமகள்தான்.

“லெட்டர் போட்டது நீதானா? விழா அன்னிக்கு எங்கே நிப்பே?” என்று கேட்டார்.

வேப்பமரத்தடியைக் காட்டினாள் அவள்.

“அங்கேயிருந்து பார்த்தா முகம் தெரியுமா?”

“கிட்டத்துல தெரியற மாதிரியும் எடுக்கலாம்க்கா, தெரியாத மாதிரியும் எடுக்கலாம். நீங்க சொல்றதுதான்.”

அவர் யோசித்துவிட்டு, “விழா வரட்டும், அப்போ சொல்றேன்” என்று உள்ளே போய்விட்டார்.

படம் இப்போது வேளார் வீட்டு வாசலில், மண்ணை மிதிக்கும் கால்களில் இருந்து தொடங்குகிறது.