தம்பிக்கு ஒரு கிட்!

நத்தத்தில் பத்தாவது படிக்கும் என் தம்பி, பருவுக்குப் பயந்து குளிக்கிற சோப்பையே தினமும் ஆறு தடவை முகத்தில் தேய்த்தான். ஒரே வாரத்தில் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. பரு மட்டும் அப்படியே இருந்தது பாஸ்! பரு வெளி அழுக்கால் வருவதில்லை. எண்ணெயும் செத்த செல்களும் சருமத் துவாரத்தை அடைப்பதால் வருவது. தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

பிறந்தநாளுக்கு நாலு ஐட்டம் வாங்கிக் கொடுத்தேன். ஃபேஸ்வாஷ் காலை, ராத்திரி மட்டும். ஈரம் காயும் முன் பட்டாணி அளவு ஜெல் மாய்ச்சரைசர்.

"எண்ணெய் வடியுற மூஞ்சிக்கு இது வேறயா?"

"வடியுறது எண்ணெய்டா, காஞ்சது தண்ணி!"

கிரிக்கெட்டுக்குக் கிளம்பக் கால் மணி நேரம் முன் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகம், கழுத்துக்குப் போதும். ரெண்டு மணி நேரம் ஆடினால் மறுபடி பூசணும்.

டியோடரன்ட்டை சட்டை மேலே அடித்தான். வேர்வைக்கு வாசமே கிடையாது; அக்குள் பாக்டீரியாதான் நாற வைக்கிறது. அதனால் குளித்து, துவட்டி, தோலில்தான் அடிக்கணும்.

மூணு வாரத்தில் செதில் போச்சு. பருவுக்கு ரெண்டு மாசமாவது பொறுக்கணும். வலிக்கிற கட்டியாக வந்தால் தோல் டாக்டர்தான்.

இப்போ புதுப் பிரச்னை... சன்ஸ்க்ரீனை அப்பா மாந்தோப்புக்கு எடுத்துட்டுப் போயிடுறார்!