பதினான்கு ஓட்டுநர், ஏழு நாள்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது மானகிரி. அதே பக்கத்தில்தான் குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் இருக்கின்றன. கோயிலுக்கு வருவோர் கூட்டம் வார இறுதியில் ஏறும், வாரத்தின் நடுவில் இறங்கும். இந்தத் தடத்தில் ஓடும் பேருந்துகளுக்கு ஓட்டுநர் பணிப்பட்டியல் போடுவதில் உள்ள முதல் சிக்கல் இதுதான்: தேவை நாளுக்கு நாள் மாறுகிறது, ஓய்வோ எல்லா ஓட்டுநருக்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த பொது வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது அதன் அடிப்படையாக இருந்தது. ஆனால் இரவு கடைசி ட்ரிப்பை முடித்து வண்டியை விட்டவருக்கு அந்த ஒரு நாளில் பாதி உறக்கத்திலேயே போய்விடும். வீட்டு வேலைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள் வேண்டும். இரண்டு நாள் தொடர் ஓய்வுக்குக் குறைந்தது எத்தனை பேர் தேவை என்ற கணக்கை டிப்ரேவாலா, ஃபிலிப், பிரௌன் ஆகிய மூவர் 1972இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டனர். அதைத் தாளும் பென்சிலும் கொண்டே போட்டுப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு தடத்துக்குத் திங்கள் 10, செவ்வாய், புதன், வியாழன் தலா 9, வெள்ளி 10, சனி 11, ஞாயிறு 12 ஓட்டுநர் தேவை என்று கொள்ளலாம். கூட்டினால் வாரத்துக்கு 70 டூட்டி. ஒருவர் பார்ப்பது ஐந்து. ஆகவே 14 பேருக்குக் குறைந்து முடியாது. 14 பேர் இருந்தால், ஓய்வில் விடக்கூடியவர் திங்களன்று 4, அடுத்த மூன்று நாளும் 5, வெள்ளியன்று 4, சனியன்று 3, ஞாயிறன்று 2.

இதை ஜோடி நாள்களாகப் பிரிக்க வேண்டும். திங்கள்-செவ்வாய் ஓய்வில் 2 பேர் என்று வைத்துத் தொடங்கினால், செவ்வாயின் 5 நிரம்ப, செவ்வாய்-புதன் ஜோடிக்கு 3 பேர் வேண்டும். இப்படியே நகர்ந்தால் புதன்-வியாழன் 2, வியாழன்-வெள்ளி 3, வெள்ளி-சனி 1, சனி-ஞாயிறு 2 என்று வந்து, ஞாயிறு-திங்களுக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார். திங்களின் 4 இடத்தில் 2 மட்டுமே நிரம்பியிருக்கும். குறைவில் பாதியை, அதாவது ஒன்றை, முதல் ஊகத்தோடு கூட்டி மறுபடி தொடங்கினால் 3, 2, 3, 2, 2, 1, 1 என்று வட்டம் சரியாக மூடுகிறது. ஏழு ஒற்றைப்படை எண் என்பதால் இதற்கு ஒரே விடைதான். அந்த விடையில் எங்காவது எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் 14 பேர் போதாது, குறைந்தது இன்னொருவர் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் பட்டியல் இதோடு முடிவதில்லை. ஒருவருக்கு எப்போதும் சனி-ஞாயிறு, மற்றவருக்கு எப்போதும் புதன்-வியாழன் என்றால் அது நியாயமாகாது. அதனால் 14 ஜோடிகளையும் 14 வரிகளாக எழுதி, ஒவ்வொருவரும் ஒரு வரியில் தொடங்கி வாரம் ஒரு வரி கீழே இறங்குகிறார். கடைசி வரிக்குப் பின் முதல் வரி. இங்கே வரிகளின் வரிசைதான் உயிர். திங்கள்-செவ்வாய் ஓய்வுக்கு அடுத்த வரியில் சனி-ஞாயிறு வைத்தால், புதன் தொடங்கி மறுவார வெள்ளி வரை பத்து நாள் இடைவிடாமல் வண்டி ஓட்ட வேண்டிவரும். எண்ணிக்கை எல்லா நாளும் சரியாக இருக்கும், ஆள் மட்டும் ஓய்ந்துபோவார். இந்தக் கேடு வாரத்தைத் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணில் படாது. இரண்டு வரிகளைச் சேர்த்து எண்ண வேண்டும்.

ஓய்வு அடுத்த வாரம் ஒரு நாள் தள்ளிப் போனால் இடையே ஆறு நாள் வேலை. ஒரு நாள் முன்னே வந்தால் நான்கு. தள்ளிக்கொண்டே போனால் வட்டத்தை முடிக்கப் பதினைந்தாவது வாரமும், அதனால் பதினைந்தாவது ஆளும் தேவைப்படும். எனவே ஏறி இறங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் திங்கள்-செவ்வாய், பிறகு வாரத்துக்கு ஒரு நாளாகத் தள்ளி எட்டாம் வாரத்தில் ஞாயிறு-திங்கள். அங்கிருந்து வெள்ளி-சனிக்குத் திரும்பி, வியாழன்-வெள்ளி, இரண்டு முறை புதன்-வியாழன், செவ்வாய்-புதன், கடைசியாகத் திங்கள்-செவ்வாய். இந்த வரிசையில் யாரும் ஆறு நாளுக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. எட்டாம் வாரத்தில் ஞாயிறு மட்டுமே ஓய்வு, திங்கள் மறுவாரக் கணக்கில் விழும். ஆறு நாள் எட்டு மணி என்றால் 48 மணி, சட்ட வரம்பைச் சரியாகத் தொடுகிறது. அந்த வாரம் கூடுதல் நேரம் கொடுக்க இடமே இல்லை.

இந்தப் பட்டியலில் ஒருவருக்கு ஞாயிறு ஓய்வு 14 வாரத்தில் இரண்டு முறைதான். குறைவுதான், ஆனால் எல்லோருக்கும் அதே இரண்டு. இன்னொரு குறை இதைவிடப் பெரியது: எந்த நாளிலும் ஓர் ஆள் கூட உபரி இல்லை. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அன்று யாரோ ஒருவர் டபுள் டூட்டி பார்க்க வேண்டும், அல்லது யாருடைய ஓய்வோ பறிபோகும். விடுப்புக்கான ஸ்பேர் ஓட்டுநர்களை இந்த 14 பேருக்கு வெளியே தனியாகத்தான் வைக்க வேண்டும். ஞாயிறு தேவை 13 ஆகக் கூடினால் டூட்டி 71 ஆகும். அப்போது பதினைந்து வரியில் புதிய பட்டியல் எழுத வேண்டியதுதான்.