நான்கு வளையல்களும் ஒரு கொப்பித் தாளும்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இஷாத் தொழுகை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின் என் நான்கு வளையல்களையும் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பவுன். இரண்டு மஹராகக் கிடைத்தவை, இரண்டு வாப்பா போட்டு அனுப்பியவை.

“எடுங்க. இத வித்துத் தொழிலத் துவங்குவோம்” என்றேன். என் கணவர் அவற்றைத் தொடவில்லை. “இத என்னெண்டு தாறீங்க புள்ள?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. “என்னெண்டா? தாறன், அவ்வளவுதான்” என்றேன்.

கொரோனாக் காலத்தில் அவர் வேலை செய்த இரும்புக் கடையில் சம்பளம் பாதியாகியிருந்தது. சொந்தக்காரர் கேட்டால் நான் றோல்ஸும் சமோசாவும் செய்து கொடுப்பேன். அதையே பெரிதாகச் செய்து, காலையில் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் எங்கள் திட்டம். பழைய அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, காஸ் சிலிண்டர், இரண்டு மாதச் சாமான் செலவு எல்லாவற்றுக்கும் 540,000 ரூபா வேண்டியிருந்தது. அவரிடம் சீட்டுப் பணம் 180,000 ரூபா இருந்தது. அந்நேரம் ஒரு பவுன் தொண்ணூறாயிரம் அளவில் போனதால் நான்கு வளையல்களுக்கும் 360,000 ரூபா கிடைக்கும். கணக்குச் சரியாக வந்துவிட்டது. இனி என்ன யோசனை என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் உம்மாவிடம் சொன்னபோது அவரும் இவர் கேட்ட கேள்வியையே கேட்டார். “சும்மா குடுக்கிறதெண்டா குடு. கடனெண்டா கடனெண்டு சொல்லு. பங்கெண்டா பங்கெண்டு சொல்லு. நடுவுல நிக்காத.”

உம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் ராத்தா. பல வருடங்களுக்கு முன் மச்சானின் புடவைக் கடைக்கு அவர் பத்துப் பவுன் கொடுத்தார். என்ன பெயரில் கொடுக்கிறார் என்று யாரும் பேசவில்லை. கடை நட்டத்தில் மூடியபோது ராத்தா அதைக் கடன் என்றார். மச்சான், குடும்பத்துக்காகத்தானே தந்தீர்கள் என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு விதமாக மனதில் வைத்திருந்தார்கள். அந்தப் பத்துப் பவுன் பேச்சு இன்றுவரை அந்த வீட்டில் முடியவில்லை.

மனைவியின் மஹரும் நகையும் அவளுக்கே சொந்தம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து அவள் மனமொப்பி விட்டுக் கொடுத்தால் கணவன் அனுபவிக்கலாம் என்று சூறத்துன் நிஸாவில் வருகிறது. ஆனால் மனமொப்பிக் கொடுப்பதற்கு, எதைக் கொடுக்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் எங்கள் மௌலவியிடம் போனோம். அவர் மூன்று பெயர்களையும் பிரித்துச் சொன்னார். அன்பளிப்பு என்றால் கொடுத்ததோடு முடிந்தது. கடன் என்றால் தொழில் நடந்தாலும் மூடினாலும் திருப்பித் தரவேண்டும். ஆனால் இலாபத்தில் ஒரு சதமும் கேட்கக் கூடாது, கேட்டால் அது வட்டி. பங்கு என்றால் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. இலாபத்தைப் பிரிப்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது என்றும், நட்டம் அவரவர் போட்ட முதலின் அளவுப்படியே என்பதில் வேறுபாடு இல்லை என்றும் விளக்கினார். நம் ஷாபிஈ மத்ஹபில் இலாபமும் முதலின் அளவுப்படியே.

பிறகு ஒன்று கேட்டார். “கடனெண்டா, காசைக் கடன் குடுக்கிறீங்களா, தங்கத்தைக் கடன் குடுக்கிறீங்களா? தங்கத்தைக் குடுத்தா அதே நிறைத் தங்கம் திரும்ப வரவேணும். காசைக் குடுத்தா அதே காசுதான்.” அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்து தீர்மானித்தோம். இரண்டு பவுன் என் பங்கு. அதை விற்ற 180,000 ரூபா தொழிலில் என் முதல். மற்ற இரண்டு பவுனையும் நான் அவருக்குக் கடனாகக் கொடுப்பது. திரும்ப வரவேண்டியது 16 கிராம் தங்கம், ரூபா அல்ல. அவற்றை விற்ற பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து அவருடைய முதல் 360,000 ரூபா. அவருக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு.

சாச்சாவின் மகன் சட்டத்தரணி. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியப் போகுமுன் அவரிடம் கேட்டோம். முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்கு உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் பழைய சட்டம் என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பங்காளி என்றால், தொழில் வெளியில் படும் கடனுக்குத் தன் முதலோடு பொறுப்பு முடிவதில்லை. ஒரு பங்காளி பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தையும் கேட்கலாம். எங்கள் பகுதியில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். நாங்கள் இருக்கும் வீடும் என் பெயரில்தான். வங்கிக் கடனுக்கு மனைவி பிணை நின்று கையெழுத்து வைத்தாலும் இதே கதைதான் என்றார்.

நான் பங்காளியாகாமல் வெறும் கடன் கொடுத்தவளாக இருந்தால் வீட்டுக்குப் பயமில்லை. ஆனால் அதிகாலையில் எழுந்து மாவுருட்டும் என் உழைப்பின் இலாபத்தில் எனக்குப் பங்கில்லாமல் போகும். இரண்டு இரவு யோசித்தோம். கடைசியில் இவரே வழி சொன்னார். “நாம வெளியில கடனே படாம நடத்தினா, எவன் வந்து வீட்டக் கேக்கிறது?”

பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். சாமான் கைக்காசுக்கு மட்டும் வாங்குவது. பின் திகதியிட்ட காசோலை எழுதுவதில்லை. வீட்டு உறுதியை எக்காரணம் கொண்டும் வெளியில் எடுப்பதில்லை. 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட செலவுக்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். முதல் பாதிக்கு மேல் கரைந்தால் உட்கார்ந்து பேசி, தேவையானால் மூடுவது. கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதை எத்தனை தடவை ஓதியிருப்பேன்! எழுதியது அன்றுதான். என் காக்காவும் அவருடைய தம்பியும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். பிறகு சட்டத்தரணி அதை முறையாக எழுதித் தந்தார்.

வேலைப் பிரிவினை இலகு என்று நினைத்தோம். சமையலும் கூட வேலை செய்யும் இரு பெண்களும் என் பொறுப்பு. சாமான் வாங்குவதும், கடைகளுக்குக் கொடுத்துக் காசு எடுப்பதும் அவர் பொறுப்பு. ஆனால் முதல் மாதமே இரண்டு இடங்களில் இடறினோம்.

ஒன்று, காசுப் பெட்டி. அவர் பெற்றோலுக்கு எடுத்தார், நான் பால்மாவுக்கு எடுத்தேன். மாத முடிவில் இலாபம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஆகவே இருவருக்கும் மாதம் 20,000 ரூபா சம்பளம் என்று வைத்து, அதைச் செலவில் எழுதினோம். வீட்டுச் செலவு அந்தச் சம்பளத்திலிருந்துதான். “வீட்டுக்காரிக்கும் சம்பளமா?” என்று இவர் சிரித்தார். “எனக்குப் பதிலாக ஒருத்தியை வைத்தால் சும்மா வருவாளா?” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மற்றது, வீட்டு வேலை. அதிகாலை நான்கு மணிக்கு நான் அடுப்படியில் நின்றால் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டுவது யார்? அது எந்தத் தாளிலும் இல்லை. ஒரு வாரம் நானே இரண்டையும் செய்து, எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அதையும் எழுதினோம். காலையில் பிள்ளைகள் அவர் பொறுப்பு.

நான்கு மாதம் நன்றாக நடந்தது. 2022 மார்ச்சில் நாடே சரிந்தது. காஸ் கிடைக்கவில்லை. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். மாவின் விலை சில மாதங்களில் இரு மடங்கையும் தாண்டியது. மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த இறைச்சி பழுதாகியது.

ஒரு நாள் இவர் மெதுவாகப் பேச்செடுத்தார். மா இன்னும் ஏறும், இப்போது ஐந்து இலட்சத்துக்கு மூட்டையாக வாங்கி அடுக்கினால் தப்பலாம், உறுதியை வைத்தால் வங்கியில் எடுக்கலாம் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. நம் கண்ணெதிரே தொழில் கரையும்போது மனம் எதையும் கொடுக்கத் தயாராகிவிடும். அலுமாரியைத் திறந்து உறுதியை எடுக்கப் போனபோது அதன் மேலே அந்தக் கொப்பித் தாள் இருந்தது. எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். ஒன்றும் பேசாமல் மடித்துத் தந்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் “வேண்டாம்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது அவரை நம்பாத பேச்சாகப் போயிருக்கும்.

ஜூன் மாதம் நிறுத்திக் கணக்குப் பார்த்தோம். 540,000இல் மிஞ்சியது 390,000 ரூபா. நட்டம் 150,000. அவர் பக்கம் 100,000, என் பக்கம் 50,000. மனம் வலித்தது, ஆனால் யார் குற்றம் என்ற பேச்சு வரவில்லை. மூன்று மாதம் மூடியிருந்து, விறகு அடுப்பில் பாதி அளவோடு மீண்டும் துவங்கினோம்.

மௌலவி கேட்ட கேள்வியின் பெறுமதி அப்போதுதான் தெரிந்தது. ரூபாவின் மதிப்பு விழுந்து, ஒரு பவுன் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரே நாளில் கழற்றிய நான்கு வளையல்களில், பங்காகப் போட்ட இரண்டும் 130,000 ரூபாவாகக் குறைந்திருந்தன. கடனாகக் கொடுத்த இரண்டும் மூன்று இலட்சத்துக்கு மேல் நின்றன. அந்தப் பாரம் முழுவதும் இவர் தலையில். விற்ற காசைத் திருப்பினால் போதும் என்று சொல்லிவிட நினைத்தேன்.

உம்மா தடுத்தார். “மொதல்ல அவர் குடுக்கட்டும். கைக்கு வந்த பொறகு நீ விரும்பினா குடு. வாற முன்னம் விடுறது மனமொப்பி விடுறதா, வெக்கத்துல விடுறதா எண்டு உனக்கே தெரியாது.”

2023இல் ஒரு பவுனும் 2024இல் மற்றப் பவுனும் வாங்கித் தந்தார். இரண்டாவது வளையலைத் தந்த அன்று தாளில் “தீர்ந்தது” என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். முதலாவது இப்போது என் கையில் இருக்கிறது. இரண்டாவதை விற்று, புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். இவர் மீண்டும் கேட்டார், “இத என்னெண்டு தாறீங்க?”

“பங்கு” என்றேன். இந்தத் தடவை யோசிக்கவில்லை. புதிய தாளில் எழுதிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினேன்.