போர்க்களமும் எழுதுகோலும்

கல்பாக்கத்துப் பள்ளியொன்றில் பயின்ற மாணவன் ஒருவன், வகுப்பின் கையெழுத்து இதழுக்காகக் கதை ஒன்று எழுதினான். தந்தை விட்டுச்சென்ற கட்டுமரத்தை விற்றுவிட வேண்டும் என்கிறான் அண்ணன். கூடாது என்கிறான் தம்பி. சொல் முற்றிக் கடற்கரையிலே கைகலப்பு நிகழ்கின்றது. அதுவே கதையின் உச்சம். ‘ஓங்கி அடித்தான், பாய்ந்து குத்தினான், சுழன்று உதைத்தான்’ என்று ஒரு பக்கம் முழுவதும் அடிகளே நிறைந்திருந்தன.

தமிழாசிரியர் அதனைப் படித்தார். “தம்பி, இவ்விருவருள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவன் யார்?” என்று கேட்டார். மாணவன் விழித்தான். “துடுப்பால் வலக்கை மணிக்கட்டில் அடியுண்டவன், அடுத்த வரியிலேயே அக்கையால் எவ்வாறு குத்தினான்?” என்றார். அதற்கும் விடை இல்லை.

அடுத்த ஞாயிறன்று ஆசிரியர் அவனை வடக்கேயுள்ள மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றார். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த மகிடாசுரமர்த்தினி மண்டபத்தின் வடசுவர் முன்னே இருவரும் நின்றனர். மகிடனைக் கொன்றபின் எருமைத் தலைமீது கொற்றவை அமைதியாக நிற்பதாகச் செதுக்குவதும் உண்டு. அங்கே போர் முடிந்துவிட்டது. இச்சுவரிலோ போர் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றது.

“முதலில் இடத்தைப் பார்” என்றார் ஆசிரியர். நமக்கு இடப்புறம் சிங்கத்தின்மேல் தேவி, எண்கரங்களுடன், வில்லை வளைத்து முன்னேறுகின்றாள். அவளைச் சூழக் குறள்வடிவான பூதகணங்கள். வலப்புறம் எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன், தன் வீரருடன். ஒரு பக்கம் முன்னோக்கிச் சாய்கின்றது. மறுபக்கம் பின்னோக்கிச் சாய்கின்றது. யார் எங்கே நிற்கின்றார், போர் எத்திசையில் நகர்கின்றது என்பதில் ஐயமே எழவில்லை.

“அடுத்து, அடியின் பயனைப் பார்.” அம்பு தைக்கும் கணத்தைச் சிற்பி பெரிதுபடுத்தவில்லை. வீழ்ந்துபட்ட வீரரையும் பின்வாங்கும் உடல்களையும் காட்டினான். அவற்றாலேயே தேவியின் வலிமை விளங்கிற்று.

“இனி, நெஞ்சைப் பார்.” மகிடன் தேவியினும் பேருருவன். இரு கைகளாலும் கதையைப் பற்றியுள்ளான். அவன் தலைக்குமேல் அரசகுடை இன்னும் நிழல் செய்கின்றது. உடலோ விலகத் தொடங்கிவிட்டது. ஓடினால் மானம் போம். நின்றால் உயிர் போம். பகைவனே ஆயினும், அவன் இழக்கவிருப்பது இன்னதென்று நமக்குத் தெரிகின்றது. ஆகையால் நம் கண் அவனை விட்டு அகல மறுக்கின்றது.

மாணவன் வீடு திரும்பிக் கதையைத் திருத்தினான். விடியற்காலம் என்று வைத்துக்கொண்டான். கீழைக்கடற்கரையில் அப்போது கதிரவன் கடலிலிருந்து எழுவான். எனவே அண்ணனைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். தம்பியின் கண்கள் கூசின. அண்ணனின் காலடியில் இறுகிய ஈரமணல். தம்பி நின்றதோ கால் புதையும் உலர்மணல். இருவருக்கும் நடுவே கட்டுமரம். தம்பி பாய முயன்றபோது கால் புதைந்து தடுமாறினான். அண்ணன் வீசிய துடுப்பு அவன் மணிக்கட்டில் விழுந்தது. இருபது அடிகள் இருந்த இடத்தில் எஞ்சியது இந்த ஒன்றே.

அதன் பயனை மட்டும் மாணவன் விரிவாக எழுதினான். தம்பியின் விரல்கள் மடங்க மறுத்தன. கட்டுமரத்தின் மரங்களைக் கயிற்றால் பிணைத்தே கடலில் தள்ள வேண்டும். தந்தையிடம் அம்முடிச்சைக் கற்றது தம்பியின் கையே. அவன் இடக்கையாலும் பல்லாலும் கயிற்றை இழுத்துப் பார்க்கின்றான், முடிச்சு நழுவுகின்றது. அண்ணன் துடுப்பைக் கீழே போட்டு, ஒன்றும் பேசாமல், கயிற்றின் மறுமுனையைப் பற்றுகின்றான். மரம் விற்கப்படுமா என்ற வினாவுக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஆசிரியர் ஒரு சோதனையும் வைத்தார். கதையறியாத மற்றொரு மாணவனிடம் இரண்டு கிளிஞ்சல்களைக் கொடுத்து, கதையைப் படிக்கக் கேட்டவாறே மணலில் அவற்றை நகர்த்தச் சொன்னார். கிளிஞ்சல் தயங்கி நின்ற வரி எதுவோ, அதுவே தெளிவற்ற வரி. ஓரிடத்தில், ‘ஏழு அடி தெற்கே, மூன்று அடி மேற்கே’ என்று மாணவன் அளந்து எழுதியிருந்தான். அங்கே கிளிஞ்சல் தயங்கவில்லை. கேட்டவன்தான் கொட்டாவி விட்டான். ஆசிரியர் அவ்வரியை அடித்துவிட்டார்.

“கடல் எப்புறம் என்று ஒருமுறை சொன்னாய், அது போதும். எஞ்சிய இடத்தை அந்தக் கைக்குக் கொடு” என்றார்.