எழுத்து முன்னா, பின்னா?

ராகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மனு எழுதித் தரச் சொல்லி யார் வந்தாலும், நான் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான். அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்; என்ன பிரச்சினை என்று கேட்பதெல்லாம் பிறகு.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுப் பழகியவர்கள். பெருமாளின் மகன் கணேசன் என்றால் பெ. கணேசன். ஆனால் சில அரசாங்க விண்ணப்பங்களில் முதலெழுத்தை இறுதியில் போடச் சொல்லி, 'சில்வா ஏ.பி.' என்பது போல உதாரணமும் கொடுத்திருப்பார்கள். குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு ஏற்ற முறை அது. நம்ம ஆளும் அந்தக் கட்டத்தில் 'கணேசன் பெ.' என்று எழுதுவார். அதில் தப்பில்லை.

வம்பு அடுத்த பக்கத்தில் ஆரம்பிக்கிறது. இறந்துபோன தகப்பனின் சேமலாப நிதிக்கு மகன் மனுப் போடுகிறான் என்று வையுங்கள். தலைப்பில் கணேசன் பெ., உள்ளே பெ. கணேசன், கையெழுத்தின் கீழே மறுபடி கணேசன் பெ. இதைப் பதிகிற கிளார்க், எழுத்தை விரித்து 'கணேசன் பெருமாள்' என்று எழுதிவிடுகிறார். அடுத்த மேசையில் இருப்பவர் வழக்கம்போல முன்பெயரைச் சுருக்கி 'க. பெருமாள்' ஆக்குகிறார். இப்போது காசு கேட்பவரும் பெருமாள், செத்தவரும் பெருமாள்! இதைத் திருத்த சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, திரும்ப ஒரு பஸ் பயணம், ஒரு நாள் சம்பளம்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, கட்டம் எப்படிக் கேட்கிறதோ அந்தக் கட்டத்தில் மட்டும் அப்படி எழுதுங்கள். கடிதம், இணைப்புப் பட்டியல், கையெழுத்து மூன்றிலும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். உங்கள் பெயருக்கு எழுத்து முன்னால் என்றால், தகப்பனுக்கும் சாட்சிக்கும் முன்னால்தான். முதல் தடவை மட்டும் 'பெ. கணேசன் (முழுப்பெயர்: பெருமாள் கணேசன், தந்தை: பெருமாள்)' என்று விரித்து எழுதினால், மற்றவர் ஊகிக்க வேண்டியிராது.

ஊகம் ஆபத்தானது. எஸ். தொண்டமானின் 'எஸ்' சௌமியமூர்த்தி என்ற அவருடைய சொந்தப் பெயர். தகப்பன் பெயர் கருப்பையா. பெரிய மனிதர் என்பதால் ஊர் அறியும். உங்கள் எழுத்து எதைக் குறிக்கிறது என்று கந்தோருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மறக்க வேண்டாம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வேறு வேறு பெயர் சொன்னால், கடிதத்தில் ஒழுங்கு காத்தும் பயனில்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக் கடதாசியை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். பிறகு மனுவின் பொருளைப் பார்க்காமல், பெயர்களை மட்டும் விரல் வைத்து ஒரு தடவை வாசித்துவிட்டு உறையை ஒட்டுங்கள்.