ஒடிந்த ஷாஃப்ட் சொன்ன கதை

போன வருடம் செமஸ்டர் லீவுக்குத் தொப்பம்பட்டி போயிருந்தேன். தோட்டத்தில் கம்ப்ரசரை இழுக்கும் மோட்டாரின் ஷாஃப்ட், புல்லி பக்கம் ஒடிந்து கிடந்தது. முந்தின ராத்திரி ஓட்டியது சித்தப்பா. "லோ வோல்டேஜ்ல ஓட்டாதன்னு எத்தன தடவ சொல்றது" என்று அப்பா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு துண்டுகளையும் எடுத்துவைத்துக்கொண்டேன். இங்கே ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள். பொருந்துகிறதா என்று ஒடிந்த முகங்களைச் சேர்த்து அழுத்துவார்கள், அல்லது கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பார்க்க வேண்டிய அடையாளமெல்லாம் அதோடு போய்விடும்.

திடீர் சுமையில் முறுகி ஒடிந்திருந்தால், மென்மையான ஸ்டீல் முதலில் வளைந்து கொடுக்கும். சாவிக்காடி நேராக இல்லாமல் திருகியிருக்கும். எங்கள் ஷாஃப்டில் காடி நேராகவே இருந்தது. வார்ப்பிரும்பு மாதிரி நொறுங்கும் வகை என்றால், முகம் முழுக்கச் சர்க்கரை போல மணிமணியாக மின்னும். அதுவும் இல்லை.

இருந்தது வேறு. காடியின் கூர்மையான மூலையில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, அலை வந்து போன கடற்கரை மணலைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். இது களைப்பு முறிவின் கையெழுத்து. விரிசல் கொஞ்சம் வளரும், கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மறுபடி ஓடும்போது மீண்டும் வளரும். அந்த நிறுத்தங்கள்தான் கோடுகளாகப் பதிகின்றன. அதனால் ஒரு கோடு என்பது ஒரு சுற்று அல்ல. கோடுகளை எண்ணித் தேதி சொல்லவும் முடியாது.

எதிர்ப்பக்கம் மட்டும் கால்வாசிக்கும் குறைவான இடம் மங்கலாக, நார்நாராக இருந்தது. கடைசி நொடியில் பிய்ந்தது அதுதான். கல்லூரி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கியபோது அங்கே தேன்கூடு போலக் குழிகள் தெரிந்தன. ஸ்டீல் இழுபட்டு அறுந்ததற்கு அவையே சாட்சி. கடைசிப் பகுதி இவ்வளவு சிறியதென்றால் சுமை பெரிதல்ல என்று அர்த்தம். சின்னச் சுமைதான், ஆனால் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது.

எது அந்தச் சுமை? பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் ஷாஃப்டை ஒரு பக்கமாக வளைக்கும். ஷாஃப்ட் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் ஆறு மணி நேரத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல்.

ஆக, அந்த ராத்திரிக்கு வெகுநாள் முன்பே விரிசல் ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா கையில் கடைசிக் கால்வாசிதான் ஒடிந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப பெல்ட்ட அப்படி இறுக்குனது யாரு?"

பொங்கல் லீவில், வழுக்குகிறதே என்று ஸ்பேனர் வைத்து இறுக்கியது நான்தான். சித்தப்பா சிரித்தார். புது ஷாஃப்டுக்கு லேத் பட்டறைக்குப் போனபோது, காடி மூலையைக் கொஞ்சம் உருட்டிவிடச் சொன்னேன். பெல்ட்டை இப்போது சித்தப்பாதான் மாட்டுகிறார்.